காந்தம் வைத்தால் முதுகு நீளும், தெரியுமா?

ஒரு சிறுமி மேசையில் குப்புறப் படுத்திருக்கிறாள். முதுகின் மேல் ஒரு கருவியை மருத்துவர் வைக்கிறார். கருவிக்குள் இருக்கும் காந்தங்கள் சுழல்கின்றன. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஊசிகூட இல்லை. சில நிமிடங்களில் தோலுக்கு அடியில் இருக்கும் கம்பி 3 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது! அவளுடைய முதுகெலும்பும் அதோடு சேர்ந்து அந்த அளவுக்கு நிமிர்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி வருவாள், மறுபடி 3 மில்லிமீட்டர்.

இந்தக் கம்பியை வைப்பது முதுகு அழகாக நேராக வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. அவளுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக. முதுகெலும்புக்கும் மூச்சுக்கும் இப்படி ஒரு பந்தம் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அவளுக்கு இருப்பது எஸ்.எம்.ஏ., அதாவது முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு. தண்டுவடத்தின் முன்பகுதியில் தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை உயிரோடு இருக்க ஒரு குறிப்பிட்ட புரதம் வேண்டும். எஸ்.எம்.என்.1 என்ற மரபணு பழுதானால் அந்தப் புரதம் போதாமல் போய் அணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. மரபணுவை 1995 இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். இந்த நோயின் முதல் வகைக் குழந்தைகளால், சிகிச்சை இல்லாவிட்டால், உட்காரவே முடியாது. இரண்டாம் வகையினர் உட்காருவார்கள், ஆனால் தானாக நடக்க மாட்டார்கள். மூன்றாம் வகையினர் நடப்பார்கள், சிலர் பின்னாளில் அதை இழப்பார்கள். நம் சிறுமி இரண்டாம் வகை. அவள் ஒரு தனி ஆள் அல்ல. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமாக நடப்பதை வைத்து நான் சேர்த்துச் சொல்லும் ஒரு பிள்ளை.

இந்த நோயில் எல்லாத் தசைகளும் ஒரே மாதிரி தளர்வதில்லை என்பது தெரியுமா? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசைகள்தான் சோர்ந்துபோகின்றன. விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம்! நமக்கு மூச்சை இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும்பும். அந்தக் குழந்தைக்கு உதரவிதானம் கீழே இறங்கி வயிறு உப்புகிறது, அதே நொடியில் நெஞ்சு உள்ளே அமுங்குகிறது. பலமான உதரவிதானம் உறிஞ்சும் வேகத்தைத் தாங்கிப்பிடிக்க விலாத் தசைகளுக்கு வலு இல்லை. பனியனைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தால் போதும், அனுபவமுள்ள மருத்துவர் இதைப் பிடித்துவிடுவார்.

இன்னொரு வியப்பு. மூச்சுத் திணறுபவரை உட்கார வைப்பதுதான் நம் வழக்கம். ஆனால் எஸ்.எம்.ஏ. கடுமையாக உள்ள குழந்தைகள் பலருக்கு மல்லாந்து படுத்தால்தான் மூச்சு எளிது! படுக்கும்போது வயிற்றுக்குள் இருப்பவை உதரவிதானத்தை மேலே தள்ளி வைக்கின்றன. இறங்குவதற்கு அதற்கு நீண்ட தூரம் கிடைக்கிறது. உட்கார்ந்தால் அந்த வாய்ப்புக் குறைகிறது.

ஆக, உட்காரும்போதே நெஞ்சு பாடுபடுகிறது. இதற்கு மேல் முதுகு வளைந்தால்?

வளையத்தான் செய்கிறது. இரண்டாம் வகைக் குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினருக்கு ஸ்கோலியோசிஸ் என்ற பக்கவாட்டு வளைவு வருகிறது. பள்ளி வயதில் காரணம் தெரியாமல் பெண்பிள்ளைகளுக்கு வரும் வளைவு வேறு, இது வேறு. அங்கே முதுகு பெரும்பாலும் இரண்டு திசையில் நெளிந்து தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும், இடுப்பு மட்டமாகவே இருக்கும். இங்கே முதுகைப் பிடித்து நிறுத்தும் தசைகளுக்கு வலுவே இல்லை. புவியீர்ப்புக்கு எதிராக யாரும் இழுக்காததால் கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஒரே நீளமான வளைவாகச் சரிந்துவிடுகிறது, இடுப்பெலும்பும் சேர்ந்து சாய்கிறது. ஒரு பக்கத்துப் பிட்டம் மட்டும் நாற்காலியில் அழுந்தும், அங்கே தோல் சிவக்கும். சரியாமல் இருக்க ஒரு கையை ஊன்றிக்கொள்வாள். எழுதவும் சாப்பிடவும் மீதி ஒரு கைதான்!

வளைவை அளக்கும் முறை 1948 இல் ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னது. எக்ஸ்-ரேயில் அதிகம் சாய்ந்த மேல் முள்ளெலும்பின் மேல்விளிம்பிலும், அதிகம் சாய்ந்த கீழ் முள்ளெலும்பின் கீழ்விளிம்பிலும் கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை எடுக்க வேண்டும். நம் சிறுமிக்கு 3 வயதில் 25 டிகிரி. ஐந்தரை வயதில் 48. ஆறரை வயதில் 62. ஒரே ஆண்டில் 14 டிகிரி! எஸ்.எம்.ஏ.யில் இது அரிதான வேகம் அல்ல. உலக அளவில் மருத்துவர்கள் கூடி 2018 இல் வெளியிட்ட பராமரிப்பு நெறிகளின்படி, கோணம் 20 டிகிரியைத் தாண்டினால் எலும்பு வளர்ச்சி முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். 50 டிகிரி ஆகி, ஆண்டுக்கு 10 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டும். மூச்சின் அளவு குறைவது, விலா சரிவது, இடுப்புச் சாய்வு, கூன் எல்லாமே அந்த முடிவில் சேரும்.

அதற்கு முன்னால் பிரேஸ் போட்டாளா? போட்டாள். பிரேஸ் இந்த வளைவை நிறுத்துவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேராக உட்கார்ந்து இரண்டு கைகளையும் பயன்படுத்த உதவுகிறது, அதனால்தான் போடுகிறார்கள். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. வயிற்றால் மூச்சுவிடும் குழந்தைக்கு வயிற்றைச் சுற்றி இறுக்கமான பிளாஸ்டிக் கூட்டைப் போட்டால் என்ன ஆகும்? உதரவிதானம் இறங்க இடமில்லாமல் திண்டாடும். அதனால் எஸ்.எம்.ஏ. குழந்தையின் பிரேஸில் வயிற்றுக்கு நேரே பெரிய ஜன்னல் ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். பிரேஸ் வாங்கி வந்தபின் ஜன்னல் இருக்கிறதா, போட்ட பிறகு வயிறு அதன் வழியே தாராளமாக எழும்புகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

சரி, வளைவு 62 டிகிரி. முதுகெலும்பை ஒரேயடியாக நிமிர்த்தி, கம்பி வைத்து, எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைத்துவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அதைத்தான் செய்கிறார்கள். ஆறரை வயதில் செய்தால் என்ன?

பிரான்ஸைச் சேர்ந்த எலும்பு வளர்ச்சி ஆய்வாளர் அலன் திமெக்லியோ சொன்ன கணக்கைக் கேளுங்கள். பிறக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு வளர்ந்த மனிதருடையதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். 5 வயதில் 30 சதவீதம். 10 வயதில்கூட 50 சதவீதம்தான்! நம் நெஞ்சின் பாதி, பத்து வயதுக்கு மேல்தான் உருவாகிறது. நுரையீரலின் காற்றுப்பைகள் பெருகுவதும் பெரும்பாலும் சின்ன வயதிலேயே. அந்தக் கட்டத்தில் முதுகை ஒட்டி வைத்துவிட்டால் நெஞ்சு அந்த உயரத்திலேயே நின்றுவிடும். முதுகு நேராக இருக்கும், உள்ளே நுரையீரலுக்கு இடம் இருக்காது. சின்ன வயதில் முதுகை ஒட்டிய குழந்தைகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் உயரம் 18 சென்டிமீட்டருக்குக் கீழே நின்றுபோனவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் கடுமையாகச் சுருங்கியிருந்ததைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் இந்த உயரம் குறைந்தது 22 சென்டிமீட்டராவது எட்ட வேண்டும் என்ற இலக்கு பேச்சில் வந்தது. ஒரு சாதாரணக் குழந்தை 10 வயதில் எட்டும் உயரம் அது.

நெஞ்சுக்கூடு தன் வேலையைச் செய்ய முடியாமலும் நுரையீரலை வளரவிடாமலும் போகும் இந்த நிலையைத் தனி நோயாகவே பெயரிட்டு விளக்கியவர் டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ராபர்ட் கேம்பல். எலும்பு மருத்துவர்களை நுரையீரலைப் பார்க்க வைத்தவர் அவர் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியென்றால் முதுகைப் பிடித்தும் வைக்க வேண்டும், வளரவும் விட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா? அதுதான் வளரும் கம்பி!

இந்தக் கம்பியின் பூர்வீகம் தெரிந்தால் சிலிர்க்கும். ஹூஸ்டனில் போலியோ தாக்கிய குழந்தைகளின் முதுகு சரிவதைப் பார்த்து பால் ஹாரிங்டன் உருவாக்கிய எஃகுக் கம்பியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 1962 இல் அவர் அதைப் பற்றி எழுதினார். போலியோ கிருமி கொல்வது எந்த அணுக்களைத் தெரியுமா? தண்டுவடத்தின் முன்பகுதி நரம்பணுக்களை. எஸ்.எம்.ஏ. அழிப்பதும் அதே அணுக்களைத்தான்! ஒன்று கிருமி, மற்றது மரபணு. சரியும் முதுகு இரண்டிலும் ஒன்று.

பின்னாளில் வந்த வளரும் கம்பிகளில் மேலே நெஞ்சுப் பகுதியிலும் கீழே இடுப்பிலும் மட்டும் கொக்கிகளும் திருகுகளும் மாட்டுவார்கள். நடுவில் உள்ள முள்ளெலும்புகளைத் தொடாமல் விட்டு, இருபுறமும் ஒவ்வொரு கம்பி ஓடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதுகைத் திறந்து, கம்பியின் இணைப்பைத் தளர்த்தி, சற்று இழுத்து, மறுபடி இறுக்குவார்கள். ஆறு வயதில் தொடங்கினால் பதினொன்றுக்குள் பத்து அறுவை சிகிச்சை! ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து, ஒவ்வொரு முறையும் தொற்று அபாயம், ஒவ்வொரு முறையும் செயற்கைச் சுவாசக் குழாய். நெஞ்சு பலவீனமான குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2009 இல் ஹாங்காங் மருத்துவர்கள் காந்தக் கம்பியைக் குழந்தைகளுக்கு வைக்கத் தொடங்கி, 2012 இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 இல் அனுமதித்தது. கம்பியின் தடித்த பகுதிக்குள் ஒரு சக்திவாய்ந்த காந்தமும் அதோடு சேர்ந்த திருகாணியும் இருக்கின்றன. வெளியே இருக்கும் காந்தங்கள் சுழன்றால் உள்ளே இருப்பதும் சுழலும், திருகாணி கம்பியை வெளியே தள்ளும். எவ்வளவு நீண்டது என்பதை எக்ஸ்-ரே இல்லாமல் அல்ட்ராசவுண்டிலேயே அளந்துவிடுகிறார்கள். நம் சிறுமிக்கு ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர், ஆண்டுக்கு நான்கு தடவை என்றால் 12 மில்லிமீட்டர். 5 முதல் 10 வயதுக்குள் கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை முதுகு இயல்பாக வளர்வது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். கிட்டத்தட்டப் பொருந்திப்போகிறது! நீளக்கூடிய தூரம் 48 மில்லிமீட்டர் உள்ள கம்பியை வைத்தால், முழுதாக நீண்டால் நான்கு ஆண்டுக்கு வரும்.

'முழுதாக நீண்டால்' என்றேனே, அங்கேதான் நிற்க வேண்டும். பழைய வகைக் கம்பிகளில் முதல் முறை இழுக்கும்போது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கிடைத்தது, ஏழாவது முறைக்குள் அதில் பாதியும் கிடைக்கவில்லை என்று 2011 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அசையாமல் கிடக்கும் முள்ளெலும்புகள் தாமாகவே ஒன்றோடு ஒன்று ஒட்டத் தொடங்குவதே காரணம். காந்தக் கம்பியும் இதற்கு விலக்கல்ல. எதிர்ப்பு அதிகமானால் உள்காந்தம் வெளிக்காந்தத்தைப் பின்தொடர முடியாமல் நழுவும். அப்போது 'டொக்' என்ற சத்தம் கேட்கும், குழந்தையும் உணர்வாள். சத்தம் கேட்டது, ஆனால் அல்ட்ராசவுண்டில் நீளம் கூடவில்லை என்றால் கம்பி அன்று வளரவில்லை.

உலோகத் துகள் பிரச்சினையும் இருக்கிறது. சில கம்பிகளை வெளியே எடுத்தபோது சுற்றியிருந்த திசு டைட்டானியத் தேய்மானத்தால் கறுத்திருந்தது, சிலவற்றில் மூடியே கழன்றிருந்தது. பிரிட்டனில் விநியோகம் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது, எஃப்.டி.ஏ.யும் 2021 இல் மருத்துவர்களை எச்சரித்தது. எனவே இதை வாழ்நாள் முழுதும் உள்ளே விட்டுவைக்கும் பொருளாக எண்ணக் கூடாது. இன்னொன்று, எஸ்.எம்.ஏ. குழந்தையின் எலும்பு மெலிந்தது. மேல்முனைக் கொக்கி பிடி விட்டுப்போகலாம். தோளுக்கு நடுவே தோலுக்கடியில் புதிதாக ஒரு முடிச்சு துருத்துவது, தலை முன்னால் கவிழ்வது, நேற்று நேராக உட்கார்ந்தவள் இன்று சாய்வது, புதிய வலி ஆகியவை தெரிந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்கக் கூடாது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது விலா எலும்புகள்தான். தசை பிடிமானம் போனபின் விலா எலும்புகள் முதுகெலும்பிலிருந்து கீழ்நோக்கித் தொங்குகின்றன, பாதி மடித்த குடையின் கம்பிகளைப் போல. எக்ஸ்-ரேயில் பார்த்தால் நெஞ்சு மேலே ஒடுங்கி, விலாக்கள் செங்குத்தாக இறங்கியிருக்கும். வளரும் கம்பி குடையின் காம்பை நிமிர்த்துகிறது, நீட்டுகிறது. கம்பிகளை விரிப்பதில்லை! எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு வளரும் கம்பி வைத்த அமெரிக்க மருத்துவர்களின் 2011 ஆம் ஆண்டு ஆய்விலேயே இது தெளிவாகிவிட்டது. வளைவு குறைந்தது, இடுப்பு மட்டமானது, உடல் உயரம் கூடியது, ஆனால் விலா சரிவது நிற்கவில்லை. விலாவிலேயே கொக்கி மாட்டிப் பார்த்தவர்களும் சரிவு மீளக் காணவில்லை. ஆகவே அறுவை முடிந்ததும் நுரையீரல் பலமாகிவிடும் என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை. மூச்சின் அளவு இறங்கும் வேகம் குறையலாம், சளித் தொற்று குறையலாம், உட்காரும் நிலை நிச்சயம் மேம்படும். அதுவே பெரிய விஷயம்.

மூச்சை அளப்பதில்கூட ஒரு கண்ணி இருப்பது தெரியுமா? ஊதிக் காட்டும் பரிசோதனையில் குழந்தையின் உயரத்துக்கு எவ்வளவு காற்று இருக்க வேண்டுமோ அதில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். முதுகு வளைந்த குழந்தையின் உயரம் உள்ளதைவிடக் குறைவாகத்தானே வரும்? அப்போது சதவீதம் பொய்யாக நன்றாகத் தெரியும்! கம்பி வைத்து நிமிர்த்தியதும் உயரம் கூடுகிறது, அதே அளவு காற்று, ஆனால் சதவீதம் விழுகிறது. அறுவையால் நுரையீரல் கெட்டுவிட்டதே என்று பெற்றோர் பதறுவார்கள். இதனால்தான் விவரமான மையங்களில் உயரத்துக்குப் பதில் முன்கை எலும்பின் நீளத்தை அளந்து கணக்கிடுகிறார்கள். அறிக்கையில் எந்த அளவை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேட்பது நல்லது. லிட்டரில் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அது உயரத்தால் மாறாது.

இனி நம் சிறுமியின் அறுவைக்கு முந்தைய வாரங்கள். முதலில் தூக்கப் பரிசோதனை. கனவு காணும் தூக்கத்தில் உதரவிதானத்தைத் தவிர மற்றத் தசைகள் ஏறக்குறைய முழுதும் ஓய்ந்துவிடும், இது நம் எல்லோருக்கும் பொது. விலாத் தசை ஏற்கெனவே சோர்ந்தவளுக்கு அப்போது நெஞ்சு இன்னும் அமுங்கி, மூச்சு ஆழமற்றதாகி, கரியமில வாயு இரத்தத்தில் சேர்கிறது. பகலில் ஒரு குறையும் தெரியாது! காலையில் தலைவலி, பசியின்மை, இரவில் அடிக்கடி விழிப்பு, வியர்வை ஆகியவைதான் அடையாளம். அவளுக்கு அவை இருந்தன. முகமூடி வழியே இரண்டு அழுத்தங்களில் காற்றுத் தரும் பைபேப் கருவியை அறுவைக்குச் சில வாரம் முன்பே வீட்டில் பழக்கினார்கள். அறுவை முடிந்து வலியோடு இருக்கும் நாளில் முதன்முதலாக முகமூடியைப் போட்டால் எந்தக் குழந்தை ஏற்றுக்கொள்ளும்?

அடுத்து இருமல். இருமலின் வேகத்தையே அளக்கலாம் தெரியுமா? பதின்வயதினரிலும் பெரியவர்களிலும் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால், சளி பிடித்தால் வெளியேற்றச் சிரமப்படுவார்கள். 160க்குக் கீழே என்றால் இருமியும் பயனில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அளவு வயதுக்கேற்ப மாறும். இருமலுக்கு உதவ காஃப் அசிஸ்ட் என்ற கருவி இருக்கிறது. காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி நுரையீரலை நிரப்பி, கண நேரத்தில் அழுத்தத்தைத் திருப்பி வெளியே உறிஞ்சுகிறது. வழக்கமாக 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் உள்ளே, அதே 40 வெளியே என்று வைக்கிறார்கள். இதையும் முன்கூட்டியே பழக வேண்டும்.

அறுவை நாளன்று மயக்கவியல் மருத்துவர் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. தசையைத் தளர்த்தும் சக்ஸினில்கோலின் மருந்தை எஸ்.எம்.ஏ.யில் தவிர்க்கிறார்கள். அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். நீண்ட பட்டினியும் ஆகாது. உடலில் தசை இருப்பு குறைவு என்பதால் சர்க்கரை சீக்கிரம் இறங்கும். அதனால் பட்டினி நேரத்தைச் சுருக்கி, குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்.

அறுவைக்குப் பின் நடப்பதில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், சாதாரண வார்டில் பணிபுரிபவர்களுக்கும் சேர்த்து. இந்தக் குழந்தையின் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் சளி அடைத்திருக்கிறது அல்லது மூச்சின் ஆழம் போதவில்லை என்று பொருள். அப்போது வெறும் ஆக்சிஜன் வைத்தால் திரையில் எண் 99 ஆகிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே சளி அப்படியே இருக்கும், கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும்! குழந்தை தூங்குவதாக நினைப்பார்கள், அவள் மயங்கிக்கொண்டிருப்பாள். ஆகவே முதலில் காஃப் அசிஸ்ட், பிறகு பைபேப். ஆக்சிஜன் வேண்டியிருந்தால் பைபேப்போடு சேர்த்து, கரியமில வாயுவையும் அளந்துகொண்டே. செயற்கைச் சுவாசக் குழாயை எடுப்பதும் இதே முறைதான். காய்ச்சல் இல்லை, சளி குறைந்துவிட்டது, சாதாரணக் காற்றிலேயே அளவு 95க்கு மேல் நிற்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, குழாயை எடுத்த கையோடு பைபேப் முகமூடியைப் போட்டுவிட வேண்டும். எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பதில்லை.

இனி, மருந்து. 2016 இல் நுசினெர்சென், 2019 இல் மரபணு சிகிச்சை, 2020 இல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம் என மூன்று மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முன்பு உட்காரவே முடியாத முதல் வகைக் குழந்தைகள் பலர் இன்று உட்காருகிறார்கள்! அதனாலேயே அவர்களுக்கும் முதுகு வளைகிறது. உயிர் பிழைத்து நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்குத்தானே புவியீர்ப்பின் சோதனை? எலும்பு மருத்துவர்கள் முன்பு பார்த்திராத கூட்டம் இது.

நுசினெர்சென் இதில் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவந்தது. அதை முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்த வேண்டும், தொடக்கத்தில் நான்கு முறை, பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. முதுகை முழுதும் ஒட்டி, மேலே எலும்புத் துகளைப் பரப்பிவிட்டால் ஊசி எங்கே நுழையும்? 2018 நெறிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. இடுப்புப் பகுதி முதுகில் நடுக்கோட்டில் ஒன்றிரண்டு முள்ளெலும்புகளை ஒட்டாமல் விட்டுவிடச் சொல்கின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கன் மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காந்தக் கம்பியின் மேல்முனையை விலா எலும்பிலும் கீழ்முனையை இடுப்பெலும்பிலும் மாட்டி, முதுகெலும்பைத் தொடாமலே விட்டார்கள். ஊசிக்கான வழி முழுதும் திறந்தே கிடக்கிறது! வாய்வழி மருந்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எந்த மருந்தில் இருக்கிறாள், நாளை எதற்கு மாறக்கூடும் என்பதை எலும்பு மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை அறுவைக்கு முன் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நம் சிறுமி சாப்பிடுவது எப்படி என்று கவனித்தீர்களானால், கை வாய்க்கு வருவதில்லை, வாய்தான் கைக்கு வருகிறது. முழங்கையை மேசையில் ஊன்றி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்திச் சோற்றை எடுத்துக்கொள்கிறாள். கம்பி வைத்த மறுநாளிலிருந்தே முதுகு வளையாது. இடுப்பு மட்டமாகிறது, மூச்சுக்கு இடம் கிடைக்கிறது, ஆனால் தட்டு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது! தானாகச் சாப்பிட்டவளுக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது. இதை முன்பே தெரிந்துகொண்டவர்கள் அறுவைக்கு முன்பே தொழில்முறைச் சிகிச்சையாளரைப் பார்த்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியின் மேசைப்பலகையை மார்பளவுக்கு உயர்த்தி, முழங்கைக்கு அடியில் திண்டு வைத்து, நீளமான காம்புள்ள இலேசான கரண்டியைக் கொடுத்து, அவள் நிமிர்ந்தபடியே எட்டிச் சாப்பிடுகிறாளா என்று பிரேஸ் போட்ட நிலையிலேயே ஒத்திகை பார்க்கிறார்கள். எட்டவில்லை என்றால் பலகை இன்னும் இரண்டு விரல் மேலே ஏறுகிறது.